நூறு கிலோமோலை எங்கே வைப்பது?

வேதிப் பொறியியல் வினாத்தாளில் பொருள் சமநிலைக் கணக்கு ஒரு சிறுகதை போல வரும். ஒரு ஆலை, அதற்குள் நுழையும் வாயு, நடுவில் ஓர் உலை, திரும்பி வரும் ஒரு குழாய், வெளியே விடப்படும் இன்னொரு குழாய், இடையிடையே ஐந்தாறு சதவீதங்கள். படித்து முடித்ததும் பெரும்பாலான மாணவர்களின் பேனா x என்றும் y என்றும் எழுதத் தொடங்கிவிடும். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் ஆறு மாறிகள், ஏழு சமன்பாடுகள். அவற்றில் இரண்டு ஒன்றையே வேறு உடையில் சொல்பவை. விடை வராது. வந்தாலும் சரியா என்று தெரியாது.

இதில் சட்டம் கடினமானதல்ல. உள்ளே வந்ததில் வெளியே போனது போக மிச்சம் உள்ளே தங்கும். வினையில் உருவானதையும் அழிந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிலையான ஓட்டத்தில் தங்குவது பூச்சியம். இதைப் பள்ளி மாணவருக்கும் சொல்லிவிடலாம். இந்தச் சட்டத்தை ஆலையின் எந்த இடத்தில், எவ்வளவு பொருளுக்குப் பிரயோகிப்பது என்பதில்தான் சிக்கல். கேட் தேர்வின் வேதிப் பொறியியல் பாடத்திட்டம் ரீசைக்கிள், பைபாஸ், பர்ஜ் கணக்குகளையும் கட்டின்மைப் படிகளின் எண்ணிக்கையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஹௌகனும் வாட்சனும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து 1931-இல் தங்கள் தொழிற்சாலைக் கணக்குப் புத்தகத்தை வெளியிட்ட காலம் தொட்டு, இந்தப் பாடம் ஏறத்தாழ ஒரே வழியில்தான் கற்பிக்கப்படுகிறது: முதலில் கட்டப்படம், பிறகு பேசிஸ், கடைசியில் சமன்பாடு. மூன்றாவதில் மதிப்பெண் இருப்பதால் முதல் இரண்டையும் சடங்காகச் செய்துவிட்டுப் போகிறோம். படத்தையும் பேசிஸையும் ஒழுங்காக முடித்துவிட்டால் சமன்பாடு எழுதப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது என்பதை ஒரே ஒரு கணக்கை முழுவதும் போட்டுப் பார்த்துச் சொல்ல முடியும்.

கணக்கு இது. ஒரு ஆலை நாளுக்கு 1000 டன் அம்மோனியா தயாரிக்கிறது. புதிதாக வரும் வாயுவில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் 1:3 விகிதத்தில் உள்ளன; அதோடு 1 சதவீதம் மந்தவாயு. உலைக்குள் நுழையும் கலவையில் மந்தவாயு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உலையை ஒருமுறை கடக்கும்போது நைட்ரஜனில் 20 சதவீதம் மட்டும் வினைபுரிகிறது. உருவான அம்மோனியா முழுவதும் குளிர்விப்பானில் திரவமாகப் பிரிகிறது. மிச்ச வாயுவில் ஒரு பகுதி பர்ஜ் ஆக வெளியே விடப்படுகிறது. மற்றது உலைக்குத் திரும்புகிறது. பர்ஜ் எவ்வளவு, ரீசைக்கிள் எவ்வளவு, புதிய வாயு எவ்வளவு வேண்டும்?

எண்கள் நான் அமைத்தவை, ஆனால் ஆலை உண்மைக்கு வெகு தொலைவில் இல்லை. ஹேபர் 1909-இல் கார்ல்ஸ்ரூவே நகரில் அம்மோனியாவைத் தொடர்ந்து எடுத்துக் காட்டியபோதே, வினைபுரியாத வாயுவை அழுத்தத்தோடு சுற்றிச் சுற்றி அனுப்பினார். ஒரு சுற்றில் கிடைக்கும் மாற்றம் குறைவு. அம்மோனியாவை எடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப அனுப்பினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். 1913-இல் ஓப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியதும் இதே முறையில்தான். மந்தவாயு எங்கிருந்து வருகிறது? இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலையில், முழுவதும் சிதையாமல் தப்பும் மீத்தேன் ஒன்று. நைட்ரஜனுக்காக உள்ளே விடும் காற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆர்கான் மற்றொன்று. காற்றில் ஆர்கான் 0.93 சதவீதம்தான். ஆனால் அது உலையில் வினைபுரியாது. குளிர்விப்பானில் திரவமாகவும் மாறாது. வெளியேற வழி விடாவிட்டால் சுற்றுக்குள்ளேயே சேர்ந்துகொண்டே போகும். அந்த வழிதான் பர்ஜ்.

இனி படம். நான்கு சதுரங்களும் ஒரு சுற்றும் போதும். இடப்பக்கம் கலக்கும் புள்ளி. அதில் புதிய வாயு F நுழைகிறது. அங்கிருந்து ஒரு கோடு உலைக்கு, உலையிலிருந்து குளிர்விப்பானுக்கு. குளிர்விப்பானின் அடியிலிருந்து அம்மோனியா இறங்குகிறது; மேலிருந்து வாயு பிரிக்கும் புள்ளிக்குப் போகிறது. பிரிக்கும் புள்ளியிலிருந்து ஒரு கோடு வெளியே, அது பர்ஜ் P. மற்றொரு கோடு மேலே ஏறி இடப்பக்கம் திரும்பி, கலக்கும் புள்ளியில் சேர்கிறது, அது ரீசைக்கிள் R.

பெரும்பாலான விடைத்தாள்களில் இந்தப் படம் இருக்கும். இல்லாதது, கோடுகளின் மேல் இருக்க வேண்டிய எழுத்து. ஒவ்வொரு கோட்டின் மேலும் மூன்று விஷயம் வேண்டும்: மொத்த அளவு, அதில் என்னென்ன இருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு. தெரிந்தால் எண், தெரியாவிட்டால் எழுத்து. காலியாக எந்தக் கோட்டையும் விடக்கூடாது. கலக்கும் புள்ளியையும் பிரிக்கும் புள்ளியையும் பலர் வரைவதே இல்லை. குழாய் குழாயோடு சேருமிடத்துக்கு எதற்குத் தனிச் சதுரம் என்று நினைக்கிறார்கள். இந்தக் கணக்கின் விடை முழுவதும் அந்த இரண்டு புள்ளிகளில்தான் இருக்கிறது. உலையும் குளிர்விப்பானும் பார்வைக்குப் பெரியவை, ஆனால் கணக்கில் இரண்டு வரிக்கு மேல் தேறாது.

படத்தில் எழுதும்போதே ஒரு செய்தி தானாக வெளிப்படும். புதிய வாயுவில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் 1:3. வினையிலும் 1:3 ஆகவே அழிகின்றன. அப்படியானால் உலைக்குப் பின்னும், ரீசைக்கிளிலும், பர்ஜிலும் அதே 1:3தான். இதை வினாத்தாள் சொல்லாது. கோடுகளின் மேல் எழுதிக்கொண்டு போகும் கைக்குத் தெரியும். ஹைட்ரஜனுக்கென்று தனி மாறி தேவையில்லை என்பது இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது பேசிஸ், அதாவது எந்த ஓட்டத்தில் எவ்வளவு பொருளை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவது என்பது. வினாவின் முதல் வரியிலேயே 1000 டன் என்று இருக்கிறது. அது ஒரு தூண்டில். நாளை மணியாக்கி, டன்னைக் கிலோமோலாக்கி, 2451 என்ற எண்ணோடு குளிர்விப்பானின் அடியிலிருந்து தொடங்கும் மாணவர் தவறு செய்யவில்லை. அந்த வழியிலும் விடை வரும். ஆனால் முதல் அடியிலிருந்தே நான்கு இலக்க எண்களைச் சுமக்க வேண்டும். எங்காவது வழுக்கினால் கண்ணுக்குப் படாது. 82-இல் 10 என்றால் எவ்வளவு என்று மனமே சொல்லும். 22,331-இல் 2,723 என்றால் சொல்லாது.

இன்னொரு வழக்கம், நுழைவாயிலில் வரும் வாயுவை 100 என்று வைப்பது. புத்தகங்களில் ஊட்டம்தான் பேசிஸ் என்று திரும்பத் திரும்பப் பார்த்த பழக்கம். அதையும் வைக்கலாம், ஆனால் வைத்த பிறகு அடுத்த அடி எங்கே என்று பாருங்கள். புதிய வாயுவின் கலவை தெரியும். அதோடு சேரும் ரீசைக்கிள் எவ்வளவு என்று தெரியாது. எனவே உலைக்குள் எவ்வளவு போகிறது என்று தெரியாது. எனவே எவ்வளவு வினைபுரிகிறது என்றும் தெரியாது. முதல் சதுரத்திலேயே வண்டி நின்றுவிடுகிறது.

படத்தை மீண்டும் பார்த்தால், கலவையும் முழுதாகத் தெரிந்து, அடுத்த சதுரத்தில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்த கோடு ஒன்றே ஒன்றுதான்: உலைக்குள் நுழையும் கோடு. அதில் மந்தவாயு 10 சதவீதம். மிச்சம் 90-உம் 1:3 ஆகப் பிரியும். 20 சதவீத மாற்றம் என்பதும் அந்தக் கோட்டின் நைட்ரஜனைக் குறித்தே சொல்லப்பட்டது. நூறு கிலோமோலை அங்கே வைக்க வேண்டும்.

வைத்தவுடன் எண்கள் ஓடத் தொடங்குகின்றன. உள்ளே நைட்ரஜன் 22.5, ஹைட்ரஜன் 67.5, மந்தவாயு 10. நைட்ரஜனில் 20 சதவீதம் வினைபுரிந்தால் 4.5 போகிறது, அதோடு ஹைட்ரஜன் 13.5 போகிறது, அம்மோனியா 9 வருகிறது. உலையிலிருந்து வெளிவருபவை நைட்ரஜன் 18, ஹைட்ரஜன் 54, மந்தவாயு 10, அம்மோனியா 9. மொத்தம் 91 கிலோமோல்.

100 உள்ளே போய் 91 வெளியே வந்திருக்கிறது. இதில் தவறு எதுவும் இல்லை. எடை மாறாது, அணுக்களின் எண்ணிக்கை மாறாது, மோல் எண்ணிக்கை மாறும். நான்கு மோல் வாயு இரண்டு மோலாகச் சுருங்கும் வினை இது. ஆனால் ஆலை முழுவதையும் ஒரு சதுரமாக வைத்து 'உள்ளே போன மோல் சமம் வெளியே வந்த மோல்' என்று எழுதும் விடைத்தாள்கள் ஏராளம். மொத்த மோல் சமன்பாட்டை வினை நடக்காத சதுரங்களில் மட்டுமே எழுதலாம். அதற்காகவும் கலக்கும் புள்ளியைத் தனியாக வரைவது நல்லது.

குளிர்விப்பானில் அம்மோனியா 9 இறங்கிவிட, மேலே போவது 82 கிலோமோல் வாயு. அதில் மந்தவாயு 10. பங்கு 10/82, அதாவது 12.195 சதவீதம். இதுவரை ஒரு சமன்பாடுகூட எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். படத்தில் இடமிருந்து வலமாக நடந்தோம், அவ்வளவுதான்.

தெரியாதவை இப்போது மூன்று: F, R, P. பிரிக்கும் புள்ளி ஒரு சமன்பாடு தரும். R-உம் P-உம் சேர்ந்தால் 82. மூன்று பொருள்கள் இருப்பதால் மூன்று சமன்பாடு எழுதலாமே என்று தோன்றும். எழுதினால் மூன்றும் ஒன்றேதான். பிரிக்கும் புள்ளியில் எதுவும் பிரிபடுவதில்லை. ஒரே கலவை இரண்டு குழாயில் போகிறது. எத்தனை பொருள் இருந்தாலும் அது ஒரே ஒரு பயனுள்ள சமன்பாட்டைத்தான் தரும். மாறிகளை எண்ணிச் சமன்பாடுகளை எண்ணி, 'சரியாகத்தானே இருக்கிறது, ஏன் தீரவில்லை' என்று தேர்வறையில் தவிப்பவர்களில் பலர் தவிப்பது இந்தப் புள்ளியில்தான். கலக்கும் புள்ளி இரண்டு சமன்பாடு தரும்: மொத்தம் ஒன்று, மந்தவாயு ஒன்று. நைட்ரஜனுக்குத் தனியாக எழுதினால் புதிதாக எதுவும் கிடைக்காது, 1:3 ஏற்கெனவே கட்டிவைத்துவிட்டது. ஆக மூன்று மாறி, மூன்று சமன்பாடு.

R + P = 82

F + R = 100

0.01F + 0.12195R = 10

முதல் இரண்டிலிருந்து F = 18 + P. மூன்றாவதில் போட்டால் P = 1.608, F = 19.608, R = 80.392. புதிய வாயு ஒரு பங்கு என்றால் ரீசைக்கிள் 4.1 பங்கு, பர்ஜ் 0.082 பங்கு. புதிய வாயுவில் வந்த நைட்ரஜன் 19.608-இல் 24.75 சதவீதம், அதாவது 4.853, வினைபுரிந்தது 4.5. ஒருமுறை கடக்கும்போது 20 சதவீதமாக இருந்த மாற்றம், சுற்று முழுவதற்கும் 92.7 சதவீதம்.

இந்த இரண்டு சதவீதங்களும் வெவ்வேறு கோடுகளை அடிப்படையாகக் கொண்டவை. 20 என்பது உலை வாயிலில் அளந்தது, 92.7 என்பது ஆலை வாயிலில் அளந்தது. மாற்றம் என்ற சொல்லைக் கண்டவுடன் எந்தக் கோட்டின் நைட்ரஜன் என்று கேட்டுப் படத்தில் குறித்துக்கொள்ளாதவர், அடுத்த பத்து நிமிடமும் வேறு கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆலை அளவுக்கு மாற்றுவது கடைசி வேலை. நாளுக்கு 1000 டன் என்றால் மணிக்கு 41,667 கிலோ. 17-ஆல் வகுத்தால் 2451 கிலோமோல். நமது படத்தில் அம்மோனியா 9. ஆகவே எல்லாக் கோடுகளையும் 272.3-ஆல் பெருக்க வேண்டும். புதிய வாயு மணிக்கு 5340 கிலோமோல், உலைக்குள் 27,233, ரீசைக்கிள் 21,893, பர்ஜ் 438. நைட்ரஜனை வைத்துச் சரிபார்க்கலாம்: உள்ளே 1321.6, அம்மோனியாவாகப் போனது 1225.5, பர்ஜில் போனது 96.1. கூட்டினால் 1321.6.

இங்கே ஒரு தவறான விடையையும் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது இந்தச் சரிபார்ப்பில் தப்பித்துவிடும். புதிய வாயு 100 என்று தொடங்கும் ஒருவர் இப்படி எண்ணலாம்: உள்ளே வரும் மந்தவாயு 1, அது வெளியேற ஒரே வழி பர்ஜ், வினாவில் மந்தவாயு 10 சதவீதம் என்று இருக்கிறது, எனவே பர்ஜ் 10. சுருக்கமாக, அழகாக இருக்கிறது. மேலே போவோம். பர்ஜில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் 9, உள்ளே வந்த 99-இல் 9 போக 90 வினைபுரிந்தது, அம்மோனியா 45. மொத்த மாற்றம் 90.9 சதவீதம். உலையில் ஒருமுறைக்கு 20 சதவீதம் என்பதால் உலைக்குள் 500, ரீசைக்கிள் 400. ஆலை முழுவதற்கும் நைட்ரஜன் சமநிலை போட்டால் சரியாக வரும். ஹைட்ரஜனும் சரியாக வரும். குளிர்விப்பானுக்கு மேலே 410, அதில் பர்ஜ் 10, ரீசைக்கிள் 400, அதுவும் சரி. எல்லாம் சரியாக இருப்பதால் விடைத்தாள் நிம்மதியாக மூடப்படும்.

தவறு கலக்கும் புள்ளியில் ஒளிந்திருக்கிறது. அங்கே மந்தவாயுவைக் கூட்டிப் பாருங்கள். புதிய வாயுவிலிருந்து 1, ரீசைக்கிளின் 400-இல் 10 சதவீதம் 40, மொத்தம் 41. உலைக்குள் போவது 500. 41/500 என்பது 8.2 சதவீதம். ஆனால் வினா சொன்னது 10. அந்தப் பத்து சதவீதம் உலை வாயிலுக்கு உரியது, பர்ஜ் குழாய்க்கு உரியதல்ல. நடுவில் 18 கிலோமோல் வாயு வினைபுரிந்து அகன்றதால் மந்தவாயுவின் பங்கு 12.2 ஆக ஏறியிருக்கிறது. கோடுகளின் மேல் எண்களை எழுதியவர் இந்தத் தவறைச் செய்ய முடியாது. 10 என்ற எண்ணை எந்தக் கோட்டில் எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டியிருக்கும். விடை கிடைத்த பிறகு, தீர்ப்பதற்குப் பயன்படாத ஒரு சமநிலையைத் தேடிச் சரிபார்க்க வேண்டும் என்பார்கள். தீர்க்கும்போது பயன்படுத்திய சமன்பாட்டிலேயே விடையைப் போட்டுச் சரிபார்த்தால் அது எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்லும்.

புதிய வாயுவை 100 என்று வைத்துச் சரியான விடையை எட்ட வழி இல்லையா என்றால், இருக்கிறது. பர்ஜில் மந்தவாயு 10/82 என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், பர்ஜ் 8.2 என்பது ஒரே வரியில் வந்துவிடும். உண்மையில் இது இன்னும் வேகமான வழி. ஆனால் அந்த 10/82 எங்கிருந்து வந்தது? உலை வாயிலில் 100 வைத்ததால் வந்தது. வேகமாகப் போடுபவர்கள் இரண்டு பேசிஸ்களை வைத்துக்கொண்டு, ஒன்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. விகிதம் மட்டும் ஒரு பேசிஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டலாம், அளவு தாண்டக்கூடாது. உலை வாயிலின் 10 கிலோமோலையும் ஆலை வாயிலின் 1 கிலோமோலையும் ஒரே சமன்பாட்டில் எழுதினால் கணக்கு அங்கேயே செத்துவிடும்.

படம் இன்னொரு உபகாரமும் செய்கிறது. எண்ணை மாற்றிப் பார்க்க விடுகிறது. உலை வாயிலில் மந்தவாயுவை 15 சதவீதம் வரை அனுமதித்தால் என்ன ஆகும்? அதே நடையில், 100-இல் மந்தவாயு 15, வினைபுரிவது 17, மேலே போகும் வாயு 83. புதிய வாயுவின் ஒவ்வொரு நூறுக்கும் பர்ஜ் 8.2-லிருந்து 5.5 ஆகக் குறைகிறது. மொத்த மாற்றம் 95.4 சதவீதமாக ஏறுகிறது. அதற்கு விலை, ரீசைக்கிள் 410-லிருந்து 456 ஆகக் கூடுகிறது. வெளியே விடும் ஹைட்ரஜன் மிச்சம், சுற்றி அனுப்பும் கம்ப்ரஸருக்குச் செலவு. காகிதத்தில் 20 சதவீத மாற்றம் அப்படியே நிற்கிறது என்று எடுத்துக்கொண்டோம். உலையில் மந்தவாயு கூடினால் வினைபுரியும் வாயுக்களின் பகுதி அழுத்தம் குறைந்து அந்த 20-உம் இறங்கும். அதைப் பொருள் சமநிலை சொல்லாது. வினை வேகமும் சமநிலை மாறிலியும்தான் சொல்லும்.

நூறை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை சில கணக்குகளில் ஆலையின் கடைக்கோடியில் இருக்கும். எரிப்புக் கணக்குகள் அப்படிப்பட்டவை. பெயர் தெரியாத ஒரு ஹைட்ரோகார்பன் எரிகிறது. புகைபோக்கியில் எடுத்த வாயுவை ஆர்சாட் கருவியில் அளந்தால், நீராவி நீங்கலாக, கார்பன் டை ஆக்சைடு 12, ஆக்சிஜன் 3, நைட்ரஜன் 85 சதவீதம். என்ன எரிபொருள்? எரிபொருள் 1 கிலோ என்று தொடங்குபவர் அங்கேயே நிற்பார், அதன் கலவைதானே கேள்வி. உலர்ந்த புகை 100 மோல் என்று வைத்தால் பின்னோக்கி நடக்கலாம். நைட்ரஜன் 85-உம் காற்றிலிருந்து வந்தது. வினைபுரியாமல் உள்ளே நுழைந்து வெளியேறியது. அதோடு வந்த ஆக்சிஜன் 85-ஐ 79-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்க 22.6. கார்பன் டை ஆக்சைடில் 12, மிச்சமாக 3; கணக்கில் வராத 7.6 நீராகிப் போயிருக்க வேண்டும். அப்படியானால் நீர் 15.2 மோல், ஹைட்ரஜன் அணு 30.4, கார்பன் அணு 12. விகிதம் 2.53. பியூட்டேனில் இது 2.5, புரொப்பேனில் 2.67. சமையல் எரிவாயுவின் குடும்பம்தான்.

ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. ஹைட்ரஜனை நாம் அளக்கவில்லை, கழித்துக் கண்டுபிடித்தோம். கார்பன் டை ஆக்சைடை 12-க்குப் பதிலாக 11.8 என்று வாசித்து, நைட்ரஜன் 85.2 ஆனால் விகிதம் 2.66 ஆகிவிடும்; பியூட்டேன் புரொப்பேனாக மாறிவிடும். அளவீட்டில் 0.2 பிசகினால் விடையின் பெயரே மாறுகிறது. பேசிஸைச் சரியான இடத்தில் வைத்தாலும் கழித்தலில் கிடைத்த எண்ணை நான்கு தசமத்துக்கு எழுதுவதில் அர்த்தமில்லை.

அம்மோனியாக் கணக்குக்குத் திரும்பினால், உண்மையான ஆலையில் குளிர்விப்பான் அம்மோனியாவை முழுவதும் பிரிப்பதில்லை. மேலே போகும் வாயுவில் கொஞ்சம் தங்கிவிடும். இந்த ஒரு மாற்றம் படத்தில் சதுரங்களைக் கூட்டாது. ஆனால் ரீசைக்கிள் கோட்டிலும், பர்ஜ் கோட்டிலும், உலை வாயில் கோட்டிலும் நான்காவதாக ஒரு பொருளை எழுத வைக்கும். உலை வாயிலின் கலவை முழுதும் தெரியும் என்று இதுவரை சொன்னது இனி செல்லாது. அதில் a என்று ஒரு எழுத்து வந்துவிடும். அப்படி வந்தாலும் அதைவிட அதிகம் தெரிந்த கோடு படத்தில் வேறு இல்லை என்பதால் நூறு அங்கேயேதான் இருக்க வேண்டும்.

படிப்பவர் போட்டுப் பார்க்க ஒன்றை விட்டுவைக்கிறேன். மற்றெல்லா எண்களும் மேலே உள்ளபடியே இருக்கட்டும்; குளிர்விப்பானுக்கு மேலே போகும் வாயுவில் மட்டும் 3 சதவீதம் அம்மோனியா இருக்கட்டும். முதலில் படத்தை வரைந்து எல்லாக் கோட்டின் மேலும் எழுதுங்கள், பிறகு எண்ணுங்கள், அதற்குப் பிறகு தீருங்கள். உலை வாயிலில் 100 கிலோமோலுக்கு a ஏறத்தாழ 2.43, புதிய வாயு 19.04, ரீசைக்கிள் 80.96, பர்ஜ் 1.57, கீழே இறங்கும் அம்மோனியா 8.71 கிலோமோல் என்று வர வேண்டும்.